ஹீப் சார்ட் படிப்படியாக: உத்தரவாதம் இருந்தும் குயிக் சார்ட்டுக்கு அது வழிவிடுவது ஏன்

ஒரு வரிசையாக்க முறைக்கு நாம் வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகளை ஹீப் சார்ட் ஏறத்தாழ முழுமையாகவே நிறைவேற்றுகிறது. தரவு எந்த வடிவில் வந்தாலும் அதன் வேலை `n log n` அளவைத் தாண்டுவதில்லை. தனியாக இன்னோர் அணியும் அதற்குத் தேவையில்லை. குயிக் சார்ட்டோ மோசமான தரவு கிடைத்தால் `n²` வரை போய்விடக்கூடியது. ஏட்டில் இப்படி இருக்க, நடைமுறையில் நிரல்மொழிகளின் நூலகங்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் குயிக் சார்ட்டின் வழிவந்த முறைகளையே. புதிதாகப் படிப்பவருக்கு இது முரணாகத் தோன்றும். ஹீப் சார்ட்டை எட்டு எண்களில் கையால் ஒரு முறை செய்து பார்த்தால், அந்த முரணுக்கான விடை அதன் இரண்டாம் கட்டத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே முதலில் முறையைச் செய்து முடித்துவிட்டு, அதன் பிறகு ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஹீப் என்றால் என்ன

இந்த முறையை 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் வெளியிட்டார். அவருடைய அடிப்படை எண்ணம் எளியது: ஒரு மரத்தைச் சேமித்து வைக்கக் கிளைகளுக்கான சுட்டிகள் எதுவும் வேண்டாம், சாதாரண அணியே போதும். அணியில் `i` என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பெற்றோர் என்று கொண்டால், அதன் இரு பிள்ளைகளும் `2i+1`, `2i+2` ஆகிய இடங்களில் இருக்கும். பிள்ளையிலிருந்து பெற்றோரை அடைய `(i-1)/2` என்று வகுத்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். இங்கே அணியின் சுட்டெண் 0இலிருந்து தொடங்குகிறது. சில பாடங்கள் 1இலிருந்து தொடங்கி `2i`, `2i+1` என்று எழுதும். இரண்டையும் கலந்து எழுதிவிடுவதுதான் தொடக்கத்தில் மிகுதியாக நேரும் பிழை என்பதால், எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

இந்த மரத்துக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: எந்தப் பெற்றோரும் தன் பிள்ளைகளைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அண்ணன் தம்பிகளுக்குள் யார் பெரியவர் என்பதைப் பற்றி விதி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே ஹீப் என்பது வரிசைப்படுத்தப்பட்ட அணி அன்று. மிகப் பெரிய எண் உச்சியில், அதாவது 0ஆம் இடத்தில் இருக்கும் என்ற ஒன்றை மட்டுமே அது உறுதியாகச் சொல்கிறது. ஹீப் சார்ட் முழுவதும் அந்த ஓர் உறுதியை நம்பியே நடக்கிறது.

கீழிறக்கம் என்ற ஒரே செயல்

முறையின் இரு கட்டங்களும் ஒரே செயலால் ஆனவை. உச்சியில் தகுதியற்ற ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதற்குக் கீழே உள்ள இரு கிளைகளும் சரியான ஹீப்புகளாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பிள்ளைகளில் பெரியதைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பெரிய பிள்ளை நம் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுகிறோம். இறங்கிய இடத்திலும் இதையே திரும்பச் செய்கிறோம். பிள்ளைகள் இரண்டும் தன்னைவிடப் பெரியவையாக இல்லாத இடத்தை அடைந்தாலோ, பிள்ளைகளே இல்லாத இலையை அடைந்தாலோ நிறுத்துகிறோம். ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு கேள்விகள் கேட்கப்படுவதைக் கவனியுங்கள்: பிள்ளைகளில் யார் பெரியவர் என்பது ஒன்று, இறங்கும் எண் இங்கேயே நின்றுவிடலாமா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

```python
def sift_down(a, i, n):
    while 2*i + 1 < n:
        c = 2*i + 1
        if c + 1 < n and a[c+1] > a[c]:
            c += 1
        if a[i] >= a[c]:
            return
        a[i], a[c] = a[c], a[i]
        i = c

def heap_sort(a):
    n = len(a)
    for i in range(n//2 - 1, -1, -1):
        sift_down(a, i, n)
    for end in range(n - 1, 0, -1):
        a[0], a[end] = a[end], a[0]
        sift_down(a, 0, end)
```

நிரல் இவ்வளவுதான். `heap_sort` செயற்கூற்றின் முதல் சுழற்சி ஹீப்பைக் கட்டுகிறது, இரண்டாவது சுழற்சி அதைப் பிரித்து வரிசையாக்குகிறது. இதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு ஒரு தாளில் செய்து பார்க்குமாறு வற்புறுத்திச் சொல்வேன். இதில் எது எங்கே நகர்கிறது என்பது திரையில் வரும் இறுதி விடையில் தெரியாது.

முதற்கட்டம்: ஹீப்பைக் கட்டுதல்

எடுத்துக்காட்டாக இந்த எட்டு எண்களை எடுத்துக்கொள்வோம்.

```
23  7  41  15  38  9  52  30
```

பிள்ளை உள்ள கடைசிப் பெற்றோர் `n/2 - 1` என்ற இடத்தில், அதாவது 3ஆம் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் இலைகள். தனித்தனி இலைகள் தம்மளவில் ஏற்கெனவே ஹீப்புகள்தான் என்பதால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. 3ஆம் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி 0 வரை வருகிறோம்.

3ஆம் இடத்தில் உள்ள 15க்கு ஒரே பிள்ளை 30. அது பெரியது என்பதால் இரண்டும் இடம் மாறுகின்றன. 2ஆம் இடத்தில் உள்ள 41க்குப் பிள்ளைகள் 9, 52. 52 மேலே வருகிறது. 1ஆம் இடத்தில் உள்ள 7க்குப் பிள்ளைகள் இப்போது 30, 38. பெரியதான 38 மேலே வருகிறது. கடைசியாக உச்சியில் உள்ள 23க்குப் பிள்ளைகள் 38, 52. 52 உச்சிக்கு ஏற, 23 அதன் இடமான 2க்கு இறங்குகிறது. அங்கே அதன் பிள்ளைகள் 9, 41 என்பதால் 41உடன் இன்னொரு முறை இடம் மாறி 6ஆம் இடத்தை அடைகிறது. நான்கு படிகளின் முடிவுகள் இவை:

```
i=3   23  7  41  30  38  9  52  15
i=2   23  7  52  30  38  9  41  15
i=1   23 38  52  30   7  9  41  15
i=0   52 38  41  30   7  9  23  15
```

மொத்தம் ஐந்தே இடமாற்றங்களில் ஹீப் தயாராகிவிட்டது. கீழிருந்து மேலாகக் கட்டும் இந்த வழி வில்லியம்ஸின் முதல் வடிவத்தில் இல்லை; அதே 1964இல் ராபர்ட் ஃபிளாய்ட் சேர்த்த திருத்தம் இது. மரத்தில் ஏறத்தாழப் பாதி எண்கள் இலைகள். அவை இறங்குவதே இல்லை. கால் பங்கு எண்கள் அதிகபட்சம் ஓர் அடுக்கு இறங்கலாம், எட்டில் ஒரு பங்கு இரண்டு அடுக்குகள் இறங்கலாம். நெடுந்தூரம் இறங்க வேண்டியவை உச்சிக்கு அருகில் உள்ள மிகச் சிலவே. அனைத்தையும் கூட்டினால் மொத்த இடமாற்றங்கள் `n`ஐத் தாண்டுவதில்லை. ஆகவே ஹீப் சார்ட் மெதுவாக இருப்பதற்கான பழியை இந்தக் கட்டத்தின் மேல் போட முடியாது.

பின்னோக்கித்தான் வர வேண்டும் என்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அன்று. அதே சுழற்சியை 0இலிருந்து 3 வரை முன்னோக்கி ஓட்டினால், இதே எட்டு எண்கள் `41 38 52 30 7 9 23 15` என்று முடிகின்றன. உச்சியில் 41, அதன் கீழே பிள்ளையாக 52, விதி உடைந்துவிட்டது. கீழிறக்கம் சரியாக வேலை செய்யக் கீழே உள்ள கிளைகள் முன்கூட்டியே ஹீப்புகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டதே காரணம். முதற்கட்டம் முடிந்தவுடன் கீழ்வரும் ஒரு வரியை இட்டுச் சோதித்தால் இத்தகைய பிழை அங்கேயே அகப்பட்டுவிடும்.

```python
assert all(a[(i-1)//2] >= a[i] for i in range(1, len(a)))
```

இரண்டாம் கட்டம்: உச்சியை எடுத்துக் கடைசியில் வைத்தல்

உச்சியில் இருப்பதுதான் மிகப் பெரிய எண் என்பதால், அது இறுதியாகச் சேர வேண்டிய இடம் அணியின் கடைசி இடம். ஆகவே உச்சியையும் கடைசி எண்ணையும் இடம் மாற்றுகிறோம். கடைசி இடம் இனி ஹீப்பைச் சேர்ந்தது அன்று. ஹீப்பின் அளவு ஒன்று குறைகிறது. கடைசியிலிருந்து உச்சிக்கு வந்த எண்ணைக் கீழிறக்கி, மீதமுள்ளவற்றை மறுபடி ஹீப்பாக்குகிறோம். கீழே உள்ள கோடு ஹீப்புக்கும் வரிசையாகிவிட்ட பகுதிக்கும் இடையிலான எல்லை.

```
      52 38 41 30  7  9 23 15 |
1     41 38 23 30  7  9 15 | 52
2     38 30 23 15  7  9 | 41 52
3     30 15 23  9  7 | 38 41 52
4     23 15  7  9 | 30 38 41 52
5     15  9  7 | 23 30 38 41 52
6      9  7 | 15 23 30 38 41 52
7      7 |  9 15 23 30 38 41 52
```

முதற்சுற்றில் 52உம் 15உம் இடம் மாறுகின்றன. உச்சிக்கு வந்த 15, முதலில் 41உடனும் அடுத்து 23உடனும் மாறி, 6ஆம் இடத்துக்கு இறங்குகிறது. இப்போது ஹீப்பின் கடைசி இடமே 6தான். ஆகவே இரண்டாம் சுற்றில் உச்சியில் இருந்த 41உடன் இடம் மாறுவது மறுபடியும் அதே 15. அது திரும்ப உச்சிக்குப் போய், 38ஐயும் 30ஐயும் தாண்டித் திரும்ப ஓர் இலைக்கே வந்து சேர்கிறது. மற்றச் சுற்றுகளையும் இதேபோல் நீங்களே தாளில் தொடர்ந்து, மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நேரும் பிழை, கீழிறக்கத்துக்குச் சுருங்கிய அளவான `end`க்குப் பதிலாக முழு நீளமான `n`ஐக் கொடுத்துவிடுவது. நம் எண்களில் அப்படிச் செய்தால் முதற்சுற்றில் தவறு எதுவும் தெரியாது. இரண்டாம் சுற்றில் 15 இறங்கி 3ஆம் இடத்துக்கு வரும்போது, அதன் பிள்ளையாக 7ஆம் இடத்தில் இருக்கும் 52உம் கணக்கில் வந்துவிடும். ஏற்கெனவே தன் இறுதி இடத்தைச் சேர்ந்திருந்த 52 மேலே இழுக்கப்பட்டு, 15 அணியின் கடைசியில் போய் உட்காரும். வரிசையாகி முடிந்த பகுதியிலிருந்து ஒரு பெரிய எண் காணாமல் போய், அங்கே சிறிய எண் ஒன்று இருந்தால், இந்த எல்லையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

15இன் பயணம் சொல்வது

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் இருந்த முரணுக்கு வருவோம். ஹீப்பின் கடைசி இடத்தில் இருப்பது எப்போதும் ஓர் இலை. இலைகளில் இருப்பவை பெரும்பாலும் சிறிய எண்கள். அதனால்தான் அவை அடியில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து, மிகப் பெரிய எண்ணுக்கு உரிய உச்சியில் வைக்கிறோம். அது அங்கே தங்கப் போவதில்லை என்பது முன்பே தெரிந்த விஷயம். ஏறத்தாழ எங்கிருந்து வந்ததோ அந்த ஆழத்துக்கே அது திரும்ப இறங்கியாக வேண்டும். கூடுதல் நினைவகம் இல்லாமல் வேலையை முடிக்க உதவுவது இந்த இடமாற்றம்தான். ஹீப் சார்ட்டின் நேரத்தைத் தின்பதும் இதுவேதான்.

நம் எடுத்துக்காட்டில் இதை எண்ணியே பார்க்கலாம். இரண்டாம் கட்டம் முழுவதிலும் நடந்த ஒப்பீடுகள் 17. அவற்றில் பிள்ளைகளில் பெரியது எது என்று கேட்டவை 8. இறங்கும் எண் இங்கேயே நிற்கலாமா என்று கேட்டவை 9. அந்த ஒன்பது முறையும் கிடைத்த விடை, நிற்காமல் இறங்கு என்பதே. ஒவ்வொரு சுற்றிலும் எண் இலை வரை போய்த்தான் நின்றது. பெரிய அணிகளில் விடை எப்போதுமே இப்படி ஒருமனதாக இருக்காது என்றாலும், போக்கு இதுதான்: மரத்தின் கடைசி அடுக்கில் மட்டும் ஏறத்தாழப் பாதி எண்கள் இருப்பதால், இறங்கும் எண் அடியிலோ அதற்கு ஓரிரு அடுக்குகள் மேலேயோதான் நிற்கும். விடை ஏறக்குறையத் தெரிந்த கேள்வியை ஒவ்வோர் அடுக்கிலும் கேட்பதற்காக ஓர் ஒப்பீட்டைச் செலவழிக்கிறோம்.

குயிக் சார்ட் செலவழிக்கும் விதம் வேறு. டோனி ஹோர் 1961இல் வெளியிட்ட அந்த முறையில், பிவட் என்ற ஓர் எண்ணைத் தேர்ந்து, மற்ற ஒவ்வோர் எண்ணையும் அதனுடன் ஒரே ஒரு முறை ஒப்பிட்டு, சிறியவை ஒரு பக்கமும் பெரியவை மறுபக்கமும் சேரும்படி பிரிக்கிறோம். பிறகு இரு பக்கங்களையும் தனித்தனியே அதேபோல் பிரிக்கிறோம். ஒரு பிரிவினையில் ஓர் எண்ணுக்கு ஓர் ஒப்பீடு, அவ்வளவுதான். பிவட் எப்போதும் நடுவில் விழாது என்பதால் பிரிவினைகள் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அதையும் சேர்த்து அதன் சராசரி ஏறத்தாழ `1.39 n log₂ n` ஒப்பீடுகள். ஹீப் சார்ட்டுக்கோ அது `2 n log₂ n`ஐ ஒட்டி வருகிறது. 10,48,576 எண்கள் என்று வைத்துக்கொண்டால் `log₂ n` சரியாக 20; ஹீப் சார்ட் ஏறத்தாழ 4 கோடி ஒப்பீடுகள் செய்யும் இடத்தில் குயிக் சார்ட் சராசரியாக 3 கோடிக்கும் குறைவான ஒப்பீடுகளில் முடித்துவிடும். இரண்டையும் `O(n log n)` என்று ஒரே குறியீட்டில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அந்தக் குறியீடு பொய் சொல்லவில்லை; முன்னால் நிற்கும் பெருக்கு எண்ணை அது வேண்டுமென்றே விட்டுவிடுகிறது.

நினைவகத்தில் தாவுதல்

ஒப்பீடுகளின் எண்ணிக்கை மட்டுமே காரணமாக இருந்தால், ஹீப் சார்ட்டை எளிதாகச் சீர்படுத்திவிடலாம். நிற்கலாமா என்ற கேள்வியையே கேட்காமல், பெரிய பிள்ளையின் வழியாக நேரே இலை வரை இறங்கிவிட்டு, அங்கிருந்து தேவைப்பட்டால் ஓரிரு அடுக்குகள் மேலேறும் வடிவம் ஒன்று இருக்கிறது. அதன் ஒப்பீடுகள் `n log₂ n`க்கு மிக அருகில், அதாவது குயிக் சார்ட்டின் சராசரியைவிடவும் கீழே வந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் பெரிய எண் அணிகளில் அது குயிக் சார்ட்டை முந்துவதில்லை. இரண்டாவது காரணம் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது, அதுவே வலிமையான காரணம் என்பது என் எண்ணம்.

செயலி முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை மட்டும் தனியே எடுப்பதில்லை. இன்றைய பெரும்பாலான செயலிகள் 64 பைட்டுகள் கொண்ட ஒரு துண்டை மொத்தமாக எடுத்துத் தம் அருகில் உள்ள கேஷில் வைத்துக்கொள்கின்றன. நான்கு பைட் எண்கள் என்றால் ஒரு துண்டில் 16 எண்கள் வரும். குயிக் சார்ட் பிரிக்கும்போது அணியின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொன்றாக நடந்து வருகிறது. எடுத்த துண்டின் 16 எண்களும் பயன்படுகின்றன. அடுத்து எந்தத் துண்டு வேண்டும் என்பதும் வெளிப்படை என்பதால், கேட்பதற்கு முன்பே செயலி அதை வரவழைத்துவிடுகிறது.

ஹீப்பில் இறங்குவது அப்படியன்று. 1,000ஆம் இடத்திலிருந்து அடுத்த அடுக்கு 2,001. அங்கிருந்து 4,003, பிறகு 8,007 என்று ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைப் போல் இரு மடங்கு நீளம். அண்ணன் தம்பி இருவரும் அடுத்தடுத்த இடங்களில் இருப்பதால் அவர்கள் பெரும்பாலும் ஒரே துண்டில் வருவார்கள் என்பது மட்டுமே ஆறுதல். அந்தத் துண்டின் மற்ற 14 எண்களும் இந்தப் பயணத்தில் வீண். மேல் அடுக்குகளில் எண்கள் குறைவு, அவற்றைத் திரும்பத் திரும்பத் தொடுவதால் அவை கேஷிலேயே தங்கிவிடும். சிக்கல் அடி அடுக்குகளில்தான். நம் 10,48,576 எண்களுக்கு 4 மெகாபைட் இடம் வேண்டும். செயலிக்கு மிக நெருங்கிய கேஷ் 32 கிலோபைட் என்றால் அதில் மேலுள்ள 13 அடுக்குகள் மட்டுமே அடங்கும். எஞ்சிய ஏழெட்டு அடுக்குகளில் ஒவ்வொரு தாவலும் தொலைவிலிருந்து புதிய துண்டைக் கேட்கும். எந்தப் பிள்ளையின் பக்கம் போவது என்பது ஒப்பீடு முடிந்த பிறகே தெரியும் என்பதால், அதை முன்கூட்டியே வரவழைக்கவும் செயலிக்கு வழியில்லை. இத்தனை தொலைவும் 15ஐப் போன்ற ஓர் எண்ணை அது கிளம்பிய ஆழத்துக்கே திருப்பி அனுப்புவதற்காக நடக்கிறது.

தரவு ஏற்கெனவே வரிசையாகவோ ஏறத்தாழ வரிசையாகவோ இருந்தாலும் ஹீப் சார்ட்டுக்கு அதனால் ஆதாயம் இல்லை. மிகப் பெரியதை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால், ஏறுவரிசையில் இருந்த அணியை முதற்கட்டத்திலேயே அது கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறது.

குயிக் சார்ட்டின் பலவீனமும் ஹீப் சார்ட்டின் இடமும்

இவ்வளவு சொன்ன பிறகு குயிக் சார்ட்டின் ஆபத்தையும் அதே கவனத்தோடு சொல்ல வேண்டும். முதல் எண்ணையே பிவட்டாக எடுக்கும் எளிய வடிவத்துக்கு வரிசையாக உள்ள 1 லட்சம் எண்களைக் கொடுத்தால், ஒவ்வொரு பிரிவினையும் ஓர் எண்ணை மட்டுமே பிரித்து, ஒப்பீடுகள் ஏறத்தாழ 500 கோடியை எட்டும். ஹீப் சார்ட் அதே வேலையைச் சுமார் 30 லட்சம் ஒப்பீடுகளில் முடித்துவிடும். மூன்று எண்களின் நடுவெண்ணைப் பிவட்டாக எடுப்பது போன்ற காப்புகள் இயல்பான தரவுக்குப் போதுமானவை. ஆனால் 1999இல் டக்ளஸ் மெக்கில்ராய், குயிக் சார்ட் நிரல் ஒன்று கேட்கும் ஒப்பீடுகளைக் கவனித்தபடியே அதற்குப் பாதகமான தரவை உருவாக்கும் வழியைக் காட்டினார். ஆகவே வெளியார் அனுப்பும் தரவை வரிசைப்படுத்தும் நிரலுக்கு, அப்படி நடக்காது என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

இதற்கான விடையை டேவிட் மஸ்ஸர் 1997இல் தந்திருந்தார். அவருடைய இன்ட்ரோசார்ட் முறை குயிக் சார்ட்டாகவே தொடங்குகிறது. பிரிவினைகள் எத்தனை ஆழம் போகின்றன என்பதை மட்டும் எண்ணிக்கொண்டே வருகிறது. ஆழம் ஒரு வரம்பைத் தாண்டினால், பிவட்டுகள் மோசமாக விழுகின்றன என்று பொருள். உடனே அந்தப் பகுதியை மட்டும் ஹீப் சார்ட்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஜி.சி.சி. தொகுப்பியுடன் வரும் சி++ நூலகத்தின் `std::sort` இப்படித்தான் இயங்குகிறது. அங்கே வரம்பு `2 log₂ n`, அதாவது நம் 10,48,576 எண்களுக்கு 40. மிகச் சிறிய துண்டுகளைச் செருகு வரிசையாக்கம் கவனித்துக்கொள்கிறது. கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளின் நூலகங்களில் உள்ள நிலைத்தன்மை தேவைப்படாத வரிசையாக்கமும் இதே காப்பை வைத்திருக்கிறது. வழக்கமான தரவில் அழைக்கப்படவே நேராத ஹீப் சார்ட் அங்கே காத்திருப்பதால்தான், அந்த நூலகங்கள் `O(n log n)` என்ற உத்தரவாதத்தைத் தர முடிகிறது.

ஹீப் சார்ட்டே முதல் தேர்வாக இருக்கும் இடமும் உண்டு. லினக்ஸ் கருவின் `lib/sort.c` அதைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே கூடுதல் நினைவகம் கேட்பது தொல்லை, தாக்குபவர் ஒருவர் `n²` நேரத்தைத் தூண்டிவிடும் வாய்ப்பு அதைவிடப் பெரிய தொல்லை. சராசரி வேகத்தில் சிறிது இழப்பதை ஏற்றுக்கொள்ளலாம். மேலே சொன்ன, இலை வரை நேரே இறங்கிப் பின் மேலேறும் வடிவம் 2019இல் அந்த நிரலில் சேர்க்கப்பட்டது. அங்கே ஒவ்வோர் ஒப்பீடும் ஒரு செயற்கூற்றைச் சுட்டி வழியாக அழைத்து நடப்பதால், ஒப்பீடுகளைப் பாதியாகக் குறைப்பது கணிசமான ஆதாயம்.

முழு அணியும் வரிசையாக வேண்டாம், 10 லட்சம் எண்களில் மிகப் பெரிய 100 மட்டும் போதும் என்ற தேவையிலும் ஹீப் நல்ல தேர்வு. இங்கே சிறியது உச்சியில் இருக்கும் ஹீப் ஒன்றை 100 இடங்களோடு வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வோர் எண்ணையும் உச்சியுடன் ஒப்பிட்டு, அதைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் உச்சியை நீக்கி அதைச் சேர்க்கிறோம். 100 எண்கள் ஏழே அடுக்குகள். அவை கேஷை விட்டு நகர்வதில்லை. தாவலால் வரும் இழப்பும் இங்கே இல்லை.

இவற்றை உங்கள் கணினியிலேயே அளந்து பார்க்க விரும்பினால், பைத்தானில் அளக்க வேண்டாம். ஒவ்வொரு வரியையும் பொருள்கொண்டு இயக்கும் செலவு, நினைவகத் தாவலின் செலவை மூடிவிடும். சி++இல் ஒரே தரவின் இரு நகல்களை எடுத்து, ஒன்றுக்கு இந்த இரு வரிகளையும் மற்றொன்றுக்கு `std::sort`ஐயும் கொடுத்து, `-O2` தெரிவுடன் தொகுத்து நேரத்தைக் குறியுங்கள்.

```cpp
std::make_heap(v.begin(), v.end());
std::sort_heap(v.begin(), v.end());
```

ஜி.சி.சி. நூலகத்தின் `sort_heap` இலை வரை நேரே இறங்கும் வடிவத்தையே பின்பற்றுகிறது. ஆகவே ஒப்பீடுகளின் எண்ணிக்கையில் ஹீப் சார்ட் இங்கே பின்தங்கவில்லை. முதலில் 10,000 எண்களுக்கும், பிறகு 10 லட்சத்துக்கும், அதன் பின் 5 கோடிக்கும் அளந்து, ஒவ்வொரு முறையும் இரு நேரங்களின் விகிதத்தை எழுதிக்கொள்ளுங்கள். அணி கேஷுக்குள் அடங்கும் வரை ஓரளவில் நிற்கும் அந்த விகிதம், அணி கேஷைவிடப் பெரிதாகத் தொடங்கும் இடத்திலிருந்து விரிந்துகொண்டே போவதைக் காணலாம்.